ஸ்பானிஷில் ‘ஃபுவே’ என்றால் இருந்தாரா, போனாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘செர்’ என்றால் இரு, ‘இர்’ என்றால் போ. இரண்டுக்கும் இறந்தகாலத்தில் ஒரே பட்டியலைப் போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுவே, ஃபுயிமோஸ், ஃபுயிஸ்தெயிஸ், ஃபுவேரோன். இந்த ஆறும் எழுத்திலும் ஒலியிலும் இரண்டு வினைக்கும் பொது. ஃபுவே என்பதை இழுக்காமல் ஒரே அசையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்துபோன செயலைச் சொல்லும் இந்த ஒரு இறந்தகாலத்திலும் அதிலிருந்து கிளைத்த ஓரிரு வடிவங்களிலும்தான் இந்தச் சிக்கல். நிகழ்காலத்தில் ‘எஸ்’ (ஆக இருக்கிறார்), ‘பா’ (போகிறார்) என்று தனித்தனி. அப்போதெல்லாம் இப்படி இருந்தது, வழக்கமாகப் போய்வந்தார் என்று சொல்லும் தொடர் இறந்தகாலத்திலும் ‘எரா’, ‘இபா’ என்று தனித்தனி. இதை மனத்தில் வையுங்கள், சோதனைக்கு உதவும்.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் பிரிப்பது?

ஃபுவேயை அடுத்து வரும் சொல்லை வைத்து. ‘செர்’ ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லும் வினை. அதனால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லோ பண்புச்சொல்லோ நேராக வந்து ஒட்டும். ‘இர்’ எங்கே, எப்படி, யாருடன், எதற்காக என்று கேட்க வைக்கும் வினை. அதன் பின்னால் திசை காட்டும் ஒரு சிறு சொல் வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ஃபுவே மேதிக்கோ’ என்றால் மருத்துவராக இருந்தார். ‘ஃபுவே அல் மேதிக்கோ’ என்றால் மருத்துவரிடம் போனார். நடுவில் வந்த ‘அல்’ என்பது ‘ஆ’ என்ற இடைச்சொல்லும் ‘எல்’ என்ற சுட்டும் சேர்ந்தது. அந்த ஓரசைதான் ஒரு வாழ்நாள் தொழிலையும் ஒரு காலை நேரத்து நடையையும் பிரிக்கிறது. தமிழில் இந்த வேலையை ‘-ஆக’, ‘-இடம்’, ‘-க்கு’ என்ற உருபுகள் செய்கின்றன. நாம் பெயர்ச்சொல்லின் வாலில் மாட்டுவதை ஸ்பானிஷ்காரர்கள் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். ஆகவே தமிழ் பேசுபவருக்கு நான் சொல்லும் வழி இது: வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். அடுத்த சொல்லுக்கு ‘-ஆக’ தேவைப்பட்டால் செர். ‘-க்கு’ அல்லது ‘-இடம்’ தேவைப்பட்டால் இர்.

இன்னொரு ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஃபுவே பயாசோ’ என்றால் அவர் கோமாளியாக இருந்தார், சர்க்கஸில் அதுவே அவர் தொழில். ‘ஃபுவே தே பயாசோ’ என்றால் மாறுவேட விருந்துக்குக் கோமாளி வேடத்தில் போனார். இங்கே ‘தே’ என்ற ஒரு சொல்தான் வித்தியாசம்.

‘ஆ’ வந்தாலே ‘போனார்’ என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் இரண்டு இடங்களில் காலை வாரும், அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, மணி சொல்லும்போது. எட்டு மணிக்கு என்பதற்கும் ‘ஆ லாஸ் ஓச்சோ’ என்று ‘ஆ’ போட்டுத்தான் சொல்கிறார்கள். ‘ஃபுவே ஆ லாஸ் ஓச்சோ’ என்ற வாக்கியத்தைத் தனியாகக் காட்டினால் எட்டு மணிக்குப் போனாரா, எட்டு மணிக்கு நடந்ததா என்று எந்த மாட்ரிட்காரராலும் சொல்ல முடியாது. எழுவாயைச் சேர்த்தால் உடனே தெளியும். ‘லா ரெயுனியோன் ஃபுவே ஆ லாஸ் ஓச்சோ’ என்றால் கூட்டம் எட்டு மணிக்கு நடந்தது. கூட்டத்துக்குக் கால் கிடையாது, அது எங்கும் போகாது. ‘ஹுவான் ஃபுவே ஆ லாஸ் ஓச்சோ’ என்றால் ஹுவான் எட்டு மணிக்குப் போனார். கல்யாணம், விபத்து, கூட்டம் மாதிரி நிகழ்ச்சிகள் எழுவாயாக வந்தால் அந்த ‘ஃபுவே’ எங்கே, எப்போது நடந்தது என்று சொல்லும் செர்.

இரண்டு, ஒருவரை அழுத்திச் சொல்லும் வாக்கியம். ‘ஃபுவே ஆ ஹுவான் ஆ கியென் பி’ என்பதில் ஃபுவேயும் இருக்கிறது, பின்னாலேயே ‘ஆ’வும் இருக்கிறது, ஆனால் யாரும் எங்கும் போகவில்லை. ‘நான் பார்த்தது ஹுவானைத்தான்’ என்று பொருள். இங்கே ‘ஆ’ நம் இரண்டாம் வேற்றுமை ‘-ஐ’யின் வேலையைச் செய்கிறது. அடையாளம், பின்னால் வரும் ‘ஆ கியென்’. அதைப் பார்த்தவுடன் இது செர் என்று தெரிந்துவிடும். அதனால் வாக்கியத்தை முடியும்வரை படித்துவிட்டுப் பொருள் கொள்ளுங்கள். பாதியில் முடிவு கட்டினால்தான் தவறு வருகிறது.

‘கியென் ஃபுவே?’ என்று கேட்டால் ‘யார் போனது’ என்றா, ‘யார் அது’ என்றா?

இரண்டுக்கும் இடமுண்டு. இங்கே அடுத்த சொல்லே கிடையாது, அதனால் சுற்றியிருக்கும் சூழல்தான் சொல்ல வேண்டும். சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்து கிடக்கிறது, அம்மா வாசலில் நின்று ‘கியென் ஃபுவே?’ என்கிறார். ‘யார் செய்தது?’ என்று பொருள். பிள்ளை ‘ஃபுய் யோ’ என்கிறது. ‘நான்தான்.’ அதே கேள்வியை முந்தைய நாள் விருந்தைப் பற்றிப் பேசும்போது கேட்டால் ‘யார் யார் போனார்கள்?’ என்றாகிவிடும். பலர் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கேட்பவர் பன்மையில் ‘கியேனெஸ் ஃபுவேரோன்?’ என்பார்.

ஸ்பெயினில் அப்போதுதான் நடந்த செயலுக்கு ‘கியென் ஆ சீதோ?’ என்று கேட்பதும் சகஜம். இந்த ‘ஆ’ துணைவினை, திசை காட்டும் ‘ஆ’ அல்ல. சற்றுமுன் நடந்ததற்கு அங்கே வேறொரு இறந்தகாலத்தைப் பயன்படுத்துகிறார்கள், அதில் இரண்டு வினைகளும் பிரிந்தே இருக்கும். லத்தீன் அமெரிக்காவின் பெரும் பகுதியில் அப்போது நடந்ததற்கும் ஃபுவேதான் வரும். அதனால் அங்கே இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி காதில் விழும்.

மெக்ஸிகோ தோழியிடமிருந்து ‘மி எர்மானோ ஃபுவே போர் தி’ என்று செய்தி வந்தது. ‘என் அண்ணன், உன்னால்தான்’ என்கிறாளா?

இல்லை. ‘என் அண்ணன் உன்னைக் கூட்டிவரப் போயிருக்கிறான்’ என்கிறாள். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு மெக்ஸிகோ சிட்டி விமான நிலையத்தில் இதே செய்தி வந்தது. யாருக்கோ தன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வாசலில் அந்த அண்ணன் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

‘போர்’ என்பதற்குக் காரணப் பொருளும் உண்டு, எடுத்துவரப் போவது என்ற நோக்கப் பொருளும் உண்டு. ‘தோதோ ஃபுவே போர் தி’ என்றால் ‘எல்லாம் உன்னால்தான்’ அல்லது ‘எல்லாம் உனக்காகத்தான்’. இங்கே எழுவாய் ‘எல்லாம்’. அது நடந்து போகாது, ஆகவே செர். அவள் செய்தியில் எழுவாய் ஓர் ஆள், பின்னால் வருவதும் கூட்டிவர வேண்டிய ஆள். ஆகவே இர். ஸ்பெயினில் இந்தக் குழப்பம் அதிகம் வராது. அங்கே கூட்டிவரப் போனால் ‘ஃபுவே ஆ போர் தி’ என்று ஒரு ‘ஆ’வைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ்காரர்களுக்கு அந்த ‘ஆ போர்’ காதுக்கு ஒட்டாது, சேர்க்கமாட்டார்கள்.

சந்தேகம் தீராதபோது செய்து பார்க்க ஏதாவது சோதனை இருக்கிறதா?

இருக்கிறது. ஃபுவேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஆ சீதோ’, ‘ஆ ஈதோ’ இரண்டையும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். முதலாவது செர், இரண்டாவது இர். இரண்டுமே நடந்து முடிந்ததைச் சொல்பவை என்பதால் வாக்கியத்தின் காலம் பெரிதாக மாறாது, வினை மட்டும் வெளியே தெரியும். ‘ஆ ஈதோ அல் மேதிக்கோ’ பொருந்துகிறது, ‘ஆ சீதோ அல் மேதிக்கோ’ பொருந்தவில்லை. முடிந்தது.

சில வாக்கியங்களில் இரண்டும் பொருந்தும். ‘கோமோ ஃபுவே லா என்த்ரெவிஸ்தா?’ என்று கேட்டால் நேர்காணல் எப்படி இருந்தது என்றும் கொள்ளலாம், எப்படிப் போனது என்றும் கொள்ளலாம். தமிழிலும் ‘இன்டர்வியூ எப்படி இருந்தது?’, ‘இன்டர்வியூ எப்படிப் போச்சு?’ இரண்டையும் கேட்கிறோம், பதில் ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்தில் எது என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டவரே முடிவு செய்திருக்கமாட்டார்.

‘மே ஃபுவே பியென்’ என்கிறார்களே, அது எது?

இர். ‘எனக்கு நல்லபடியாகப் போனது.’ நிகழ்காலத்தில் ‘மே பா பியென்’ என்பார்கள், அதை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு, உனக்கு, அவருக்கு என்று பொருள்படும் ‘மே’, ‘தே’, ‘லே’ முன்னால் வந்து பின்னால் ‘பியென்’ (நன்றாக) அல்லது ‘மால்’ (மோசமாக) இருந்தால் பெரும்பாலும் இதுதான். செர் ஆனால் ‘ஃபுவே புவேனோ’ என்று வரும், நன்றாக என்பதில்லாமல் ‘நல்லது’ என்ற பண்புச்சொல். தேர்வு எழுதிவிட்டு வந்தவரிடம் ‘கோமோ தே ஃபுவே?’ என்று கேட்பதும் இந்தக் குடும்பம்தான்.

‘சே ஃபுவே’? ‘ஃபுவே பெர்தியென்தோ’? ‘ஃபுவே பெஸ்தீதா’?

முதலாவது இர்தான், ‘கிளம்பிவிட்டார்’ என்று பொருள். ‘மே ஃபுய்’ என்றால் நான் கிளம்பிவிட்டேன். இந்த ‘மே’ மேலே சொன்ன ‘மே’ அல்ல, எழுவாயையே திருப்பிக் காட்டுவது. கரண்ட் போனாலும் ‘சே ஃபுவே லா லூஸ்’தான், நம்மைப் போலவே.

இரண்டாவதும் இர். ‘-என்தோ’, ‘-ஆன்தோ’ என்று முடியும் வினையெச்சம் பின்னால் வந்தால் செர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே ‘போ’ என்பதன் நடை மறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே போனது என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது. தமிழில் ‘குறைந்துகொண்டே போனது’ என்று சொல்லும்போது ‘போ’ செய்யும் அதே வேலை.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ‘பெஸ்தீதா’ என்றால் உடுத்தப்பட்டவள். ‘லா நோவியா ஃபுவே பெஸ்தீதா போர் சு மாத்ரே’ என்றால் மணப்பெண்ணுக்கு அவள் அம்மா உடை உடுத்திவிட்டார். இது செயப்பாட்டு வினை, ஆகவே செர். ‘லா நோவியா ஃபுவே பெஸ்தீதா தே பிளாங்கோ ஆ லா இக்லேசியா’ என்றால் மணப்பெண் வெள்ளை உடுத்தித் தேவாலயத்துக்குப் போனாள். இது இர். ‘போர்’ போட்டுச் செய்தவரைச் சொன்னால் செர், ‘ஆ’ போட்டுப் போன இடத்தைச் சொன்னால் இர். இரண்டும் இல்லாமல் ‘ஃபுவே பெஸ்தீதா தே பிளாங்கோ’ என்று நின்றால் கதையின் முன் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பத்தியில் நிறைய ஃபுவே வந்தால் திணறிப்போகிறேன். ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியுமா?

வகுப்புக்காக நான் எழுதிய சின்னப் பத்தி இது.

‘மி அபுவேலோ ஃபுவே மாயெஸ்த்ரோ. தே ஹோவென் ஃபுவே ஆ செவீயா, இ அயீ ஃபுவே ஃபெலீஸ். தெஸ்புவேஸ் ஃபுவே பெர்தியென்தோ லா விஸ்தா. ஃபுவே ஆ சு எர்மானா ஆ கியென் யாமோ. எல் என்தியெரோ ஃபுவே ஆ லாஸ் சின்கோ. ஃபுவே தோதோ எல் புவேப்லோ.’

முதல் ஃபுவேயை அடுத்து ‘மாயெஸ்த்ரோ’ நேராக ஒட்டுகிறது: தாத்தா ஆசிரியராக இருந்தார். அடுத்தது ‘ஆ செவீயா’: இளவயதில் செவீயாவுக்குப் போனார். மூன்றாவதன் முன்னால் ‘அங்கே’ என்ற சொல் இருக்கிறது, அதைப் பார்த்துப் ‘போனார்’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பின்னால் வருவது மகிழ்ச்சியான என்ற பண்புச்சொல்: அங்கே மகிழ்ச்சியாக இருந்தார். நான்காவதில் வினையெச்சம்: அப்புறம் பார்வை மங்கிக்கொண்டே போனது. ஐந்தாவதில் ‘ஆ சு எர்மானா’ என்று கண்ணில் பட்டவுடன் தங்கையிடம் போனார் என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஆ கியென்’ வரைக்கும் படித்தால் தெரியும்: அவர் கூப்பிட்டது தங்கையைத்தான். ஆறாவதில் எழுவாய் அடக்கம் என்ற நிகழ்ச்சி: அடக்கம் ஐந்து மணிக்கு நடந்தது.

கடைசிதான் கடினம். ‘தோதோ எல் புவேப்லோ’ என்றால் ஊர் முழுவதும். ஃபுவேயை அடுத்து இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர் ஒட்டி நிற்கிறது, நான் மேலே சொன்ன விதிப்படி செர் ஆக வேண்டும். ஆனால் ஸ்பானிஷில் எழுவாய் வினைக்குப் பின்னாலும் வரும். ‘ஊர்’ இங்கே ஃபுவேயின் நிரப்பு அல்ல, எழுவாய். எங்கே போனது என்பது முந்தைய வாக்கியத்திலேயே இருக்கிறது: அடக்கத்துக்கு. ஊரே போனது. என் மாணவர்களில் பலரும் இந்த ஒரு வரியில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஆ ஈதோ தோதோ எல் புவேப்லோ’ என்று சோதனையை வைத்துப் பார்த்தால் கூட்டம் கண் முன்னே நடக்க ஆரம்பித்துவிடும்.

சம்பந்தமே இல்லாத இரண்டு வினைகள் எப்படி ஒன்றாயின?

லத்தீனில் இவை தனித்தனியாகத்தான் இருந்தன. ‘இரு’ என்பதன் இறந்தகாலம் ஃபுய், ஃபுயிஸ்தி, ஃபுயித். ‘போ’ என்பதன் இறந்தகாலம் இயி, இயித் என்பது போன்ற வெறும் உயிரொலிகள். பேச்சில் உயிர்கள் ஒன்றோடொன்று கரைந்துபோக, பிடித்துக்கொள்ள ஒரு மெய்கூட இல்லாமல் அந்த வினை தேய்ந்தது. நிகழ்காலத்தில் அதன் இடத்தை வாதெரே என்ற இன்னொரு வினை பிடித்தது, இன்றைய ‘பா’ அதன் வாரிசு. இறந்தகாலத்தில் ஃபுய் உள்ளே வந்தது. இருந்ததைச் சொன்னாலே போனதும் புரியும். ‘நேற்று மதுரையில் இருந்தேன்’ என்றால் மதுரைக்குப் போயிருக்கிறார் என்று யாருக்கும் தெரியும். ஆக, இன்றைய இர் மூன்று பழைய வினைகளை ஒட்டித் தைத்தது. செர்கூட முழுசு இல்லை. அதன் பெயர்வடிவமும் எதிர்காலமும் ‘உட்கார்’ என்று பொருள்படும் செதேரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தவை. நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தமிழில் ‘இரு’ என்பதற்கு உட்கார் என்ற பொருளும் உண்டு, யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘இருங்கோ’ என்றுதான் நாற்காலியைக் காட்டுவார்கள்.

ஃபுய்யின் வேர் இன்னும் பழையது. ‘ஆகு’ என்று பொருள்படும் அந்த வேர்தான் சமஸ்கிருதத்தில் ‘பூ’ என்று நிற்கிறது. நம் இலக்கண நூல்களில் வரும் ‘தற்பவம்’ என்ற சொல்லில் உள்ள ‘பவம்’ அதிலிருந்து வந்ததே.

போர்ச்சுகீஸிலும் இப்படித்தான், ‘ஃபோய்’ என்றால் இருந்தார், போனார் இரண்டும். பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ‘போ’ வேறு வினையாக மாறிவிட்டது, அதனால் அங்கே மோதல் இல்லை.

பழைய புத்தகத்தில் ஃபுவேயின் மேல் ஒரு கோடு இருந்தது. அது எந்த வினையைக் காட்டுகிறது?

எதையும் காட்டவில்லை. அழுத்தக் குறியை முன்பு இரண்டு வினைக்கும் ஒரே மாதிரி போட்டார்கள். ஸ்பானிஷ் அரச கழகம் 1952இல் வெளியிட்ட புதிய விதிகளில் ஓரசைச் சொற்களான ஃபுய், ஃபுவே ஆகியவற்றுக்கு அது வேண்டாம் என்றானது. 1959 முதல் அந்த விதிகள் கட்டாயமாயின. அதற்கு முன் பள்ளியில் படித்த பெரியவர்களின் கடிதங்களில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களுக்கு இது ஒரே வினையாகத் தெரிகிறதா?

இல்லை, அதற்கு நல்ல சாட்சி உண்டு. ‘மாணவனாகவும் இருந்தேன், மாட்ரிட்டுக்கும் போனேன்’ என்பதை ஒரே ‘ஃபுய்’யில் அடக்கி ‘ஃபுய் எஸ்தூதியான்தே இ ஆ மாத்ரித்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் சுளிப்பார். ஒரே ஒலிதான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை அதோடு சேர்த்துக் கட்ட முடியாது. தமிழில் ‘ஆறு’ எண்ணும்தான், நதியும்தான். அதற்காக அவை நம் மனத்தில் கலந்துவிடுவதில்லை.

‘ஃபுவேரா’ என்பதும் இரண்டுக்கும் பொதுவா?

ஆமாம், இந்த ஆறு வடிவங்களிலிருந்து கிளைத்ததால் அதற்கும் அதே கதை. ‘சி ஃபுவேரா ரீக்கோ’ என்றால் பணக்காரனாக இருந்தால். ‘சி ஃபுவேரா ஆ லீமா’ என்றால் லீமாவுக்குப் போனால். ஒரே ஒரு கூடுதல் எச்சரிக்கை: ‘வெளியே’ என்ற பொருளிலும் ஒரு ஃபுவேரா உண்டு, அது வினையே அல்ல. ‘எஸ்தா ஃபுவேரா’ என்றால் வெளியே இருக்கிறார். முன்னால் ‘எஸ்தா’ போல இன்னொரு வினை ஏற்கெனவே வந்துவிட்டால், ஃபுவேராவை ‘வெளியே’ என்றே முதலில் வைத்துப் படித்துப் பாருங்கள்.